உங்களுக்குத் தெரியுமா? இரண்டு போட்டோ, ஒரு கல்யாண ஜோடி

நிச்சயம் முடிந்த மறுவாரமே மாப்பிள்ளை தோஹாவுக்குப் பறந்துவிட்டார். பெண் கோவையில். இருவரும் சேர்ந்திருக்கும் படம் என்று தேடினால் ஒன்றே ஒன்று தேறியது. அதிலும் சுற்றி முப்பது பேர், மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கிறார். "சேவ் த டேட் கார்டு வேணுங்ணா. ரெண்டு பேரையும் கார்ட்டூனா வரைஞ்சு, சுத்திப் பூ வெச்சு, கீழ எழுத இடம் விட்டுக் குடுங்" என்று பெண்ணின் தம்பி இரண்டு போட்டோக்களை அனுப்பினான். ஒன்று, பெண் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டது. மற்றது, மாப்பிள்ளை காருக்குள் உட்கார்ந்து எடுத்த செல்ஃபி. கார்டு டிசைன் செய்யும் என் மேஜைக்கு வருகிற வேலையில் பாதி இந்த ரகம்தான். அந்த ஒரு கார்டை முடிப்பதற்குள் எத்தனை சங்கதி இருக்கிறது பாருங்கள்.

◆

செல்ஃபியில் உங்கள் மூக்கு உங்கள் மூக்கே இல்லை, தெரியுமா? முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் போனைப் பிடித்தால், ஐந்தடி தள்ளி நின்று எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்குப் போட்டு, 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். செல்ஃபியைக் காட்டி 'மூக்கைச் சின்னதாக்குங்கள்' என்று பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் போகிறவர்களுக்காகப் போட்ட கணக்கு அது. குற்றம் லென்ஸின் மேல் இல்லை, தூரத்தின் மேல். மூக்கு நுனி கேமராவுக்குக் கிட்டே, காது எட்டத்தில். ஓர் அடி தூரத்தில் அந்தச் சில அங்குல வித்தியாசம் பெரிய விகிதம். ஐந்தடியில் அது ஒன்றுமே இல்லை.

கண்டுபிடிக்க எளிய வழி, காதைப் பாருங்கள். நேராகப் பார்க்கும் முகத்தில் இரண்டு காதும் கன்னத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தால் அது கிட்டத்தில் எடுத்த படம். அதன் மேல் கோடு போட்டு வரைந்தால் கோடு சுத்தமாக வரும், ஆள் மட்டும் வரமாட்டார். 'நல்லாருக்கு, ஆனா நம்ம பையன் மாதிரி இல்லையே' என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்வார். ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியாது.

அதனால் செல்ஃபியைத் திருப்பி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அறையில் உடன் இருக்கும் நண்பர் ஐந்தடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில், 2x வைத்து, மாப்பிள்ளையின் கண் உயரத்தில் போனைப் பிடித்து எடுக்க வேண்டும். கூடவே இன்னொரு நிபந்தனையும் சொன்னேன்: ஜன்னல் அவருடைய வலப்பக்கம் இருக்க வேண்டும்.

◆

ஜன்னல் எதற்கு? பெண்ணின் ஸ்டுடியோ படத்தைப் பெரிதாக்கிக் கண்மணியைப் பாருங்கள். அதில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். அது ஸ்டுடியோ விளக்கின் பிம்பம். கண்மணியைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் அந்தப் பொட்டு பத்து மணி இடத்தில் இருந்தது. அதாவது வெளிச்சம் நமக்கு இடது மேல்புறத்திலிருந்து, பெண்ணுக்கு வலப்பக்கத்திலிருந்து வருகிறது. மாப்பிள்ளைக்கும் அதே பக்கமிருந்து வந்தால்தான் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்பதாக நம் கண் நம்பும். காரில் எடுத்த செல்ஃபியில் பொட்டு இரண்டு மணியில் இருந்தது. அதை அப்படியே வரைந்திருந்தால் பெண்ணின் கன்னத்து நிழல் வலப்பக்கம் விழும், மாப்பிள்ளையின் நிழல் இடப்பக்கம் விழும். இரண்டு ஊரில் எடுத்த படங்களை ஒட்டியது அங்கேயே அம்பலமாகிவிடும்.

வேறு போட்டோ கிடைக்கவே கிடைக்காது என்றால் நிழலையே விட்டுவிடுங்கள். தட்டையான நிறம், கழுத்துக்குக் கீழே மட்டும் ஒரே ஒரு நிழல், போதும்.

◆

'இதுக்கு ஏன் இவ்வளவு? படத்தைக் கண்ணாடி மாதிரி இடம் வலமாகத் திருப்பிவிட்டால் வெளிச்சம் மாறிவிடுமே?' மாறும். கூடவே பெண்ணின் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மாப்பிள்ளையின் சட்டைப் பை வலது மார்புக்குப் போய்விடும். மூக்குத்தியும் பக்கம் மாறும். போட்டோவில் உள்ளவரின் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம் என்பதால், திரும்பாத படத்தில் முந்தானையும் சட்டைப் பையும் நமக்கு வலப்புறம் இருக்க வேண்டும். சில போன்கள் செல்ஃபியைத் திருப்பியே சேமித்துவிடுகின்றன. ஆகவே வரைய உட்காருமுன் முதலில் சட்டைப் பையைத் தேடுவது என் பழக்கம். டீ ஷர்ட் போட்டவர்களிடம் மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுவேன்.

◆

ஒரு முகம் பெரிது, ஒரு முகம் சிறிது. இரண்டையும் எந்த அளவுகோலில் சரிசெய்வது? தலைமுடியை வைத்து அளந்தால் பெண்ணின் பின்னலும் பூவும் கணக்கைக் கெடுக்கும். முகத்து அகலத்தை அளந்தால் குண்டு, ஒல்லி என்று மாறும். பெரியவர்களிடம் அதிகம் மாறாத அளவு ஒன்று உண்டு. இரண்டு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம், சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் ஓரிரு மில்லிமீட்டர்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் பிரேம் போடுமுன் அளக்கிறார்களே, அதே அளவு.

எங்கள் கார்டில் பெண்ணின் கண்மணி இடைவெளி 100 பிக்சல். புதிய படத்தில் மாப்பிள்ளைக்கு 80. அவரை 125 சதவீதம் பெரிதாக்கினேன், தலைகள் சமமாகின. அடுத்து உயரம். அவர் ஐந்தடி எட்டு அங்குலம், பெண் ஐந்தடி நான்கு. வித்தியாசம் 4 அங்குலம், அதாவது 102 மில்லிமீட்டர். 63 மில்லிமீட்டருக்கு 100 பிக்சல் என்றால் 102-க்குச் சுமார் 160. பெண்ணின் கண் மட்டத்திலிருந்து 160 பிக்சல் மேலே மாப்பிள்ளையின் கண்ணை வைத்தால் கணக்கு நேராகிவிடும். (பெண் ஹீல்ஸ் போடுவாரா என்று தம்பியிடம் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாங்ணா, மாப்பிள்ள உசரமா இருக்கட்டும்" என்று பதில் வந்தது. அது அளவுகோலுக்கு அப்பாற்பட்ட விஷயம்.)

இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. முகம் நேராக இருந்தால்தான் பலிக்கும். ஒருபக்கமாகத் திரும்பிய முகத்தில் கண்மணிகள் நெருங்கித் தெரியும். அப்போது கண் மட்டத்திலிருந்து தாடை வரை உள்ள உயரத்தை ஒப்பிட வேண்டியதுதான்.

◆

பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவில் ஒரே பக்கம் பார்த்திருந்தால், பக்கத்தில் வைத்ததும் ஒருவர் மற்றவரைப் பார்ப்பார், மற்றவர் வாசலைப் பார்ப்பார். யாரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு தீர்ப்பு இருக்கும், அது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். வரைந்தபின் கேட்காதீர்கள்.

◆

சிரிக்கும் முகத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் இடையே கோடு போட்டால் பத்து வயது கூடிவிடும். வரிசை மொத்தத்தையும் ஒரே வெள்ளைப் பட்டையாக விட்டுவிட வேண்டும். மூக்குக்கும் முழுக்கோடு கிடையாது. நாசித் துளைகளும் நுனிக்குக் கீழே ஒரு சின்ன நிழலும் போதும்.

◆

நிறம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கன்னத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு நிறத்தை எடுத்தால் அது தோலின் நிறம் ஆகாது. ஸ்டுடியோ விளக்கின் நிறமும் டச்சப்பின் நிறமும் அதில் கலந்திருக்கும். மாப்பிள்ளையின் படத்தில் டியூப்லைட்டின் நீலம் இருந்தது. படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஒன்றை, சட்டைக் காலரையோ சுவரையோ, முதலில் வெள்ளையாக்கிவிட்டுத்தான் முகத்துக்கு வர வேண்டும். அப்படிச் செய்து அனுப்பினால் 'இன்னும் கொஞ்சம் கலரா' என்று ஒரு செய்தி கட்டாயம் வரும். நான் ஒரு முறை மறுப்பேன். இரண்டாவது முறை பணம் கொடுப்பவர் அவர்.

◆

கல்யாண கார்டுகளின் ஓரத்தில் குண்டாக, இதழ் இதழாக அடுக்கிய இளஞ்சிவப்புப் பூ ஒன்று வருகிறதே, அது ரோஜா இல்லை, தெரியுமா? பெரும்பாலும் அது பியோனி. குளிர் தேசத்துச் செடி, நம் சமவெளிப் பூ மார்க்கெட்டுகளில் சாதாரணமாகக் கிடைக்காது. கூடவே வரும் சாம்பல் பச்சை இலை யூகலிப்டஸ், நம் ஊர்த் தைல மரத்தின் உறவு. இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் பூ பார்டர்களெல்லாம் மேல்நாட்டுக் கல்யாணங்களுக்காக வரைந்தவை என்பதால் நம் கார்டிலும் அவையே பூக்கின்றன.

'மல்லிகைப்பூ போடுங்களேன்' என்றார் பெண்ணின் அம்மா. நியாயமான ஆசை. மதுரை மல்லிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. ஆனால் வெள்ளைக் காகிதத்தில் மல்லிகையை அச்சிட முடியாது, ஏனென்றால் நான்கு நிற அச்சில் வெள்ளை மை கிடையாது. காகிதத்தின் வெள்ளைதான் பூவின் வெள்ளை. பூ தெரிய வேண்டுமென்றால் அதைச் சுற்றி நிறம் வேண்டும். வெளிக்கோடு போட்டுப் பார்த்தால் மல்லிகை பட்டன் மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் ஓரம் முழுக்க ஒரு விரற்கடை அகலத்துக்குக் கரும்பச்சை இலைகளை விரித்து, அதன் மேல் மொட்டுகளைக் கொத்துக் கொத்தாக விட்டேன். விரிந்த பூவைவிட மொட்டுதான் மல்லிகை என்று உடனே தெரிகிறது. காம்பின் நுனியில் இளம்பச்சை, மொட்டின் ஒரு விளிம்பில் மிக லேசான ஊதாச் சாம்பல், மற்றதெல்லாம் வெறும் காகிதம். இடையிடையே அரளி நிறத்தில் ஏதாவது வேண்டுமே என்று பன்னீர் ரோஜாவைச் சேர்த்தேன்.

பார்டர் போடுகிறவர்கள் ஒரு மூலையை வரைந்து நான்காகத் திருப்பிப் போடுவார்கள். வேலை சுலபம், ஆனால் முடிவில் தரைவிரிப்பு மாதிரி இருக்கும். மூன்று கொத்துகளைத் தனித்தனியாக வரைந்து, சுழற்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி இடம் மாற்றி வைத்தால் கட்டிய சரம் போல இருக்கும்.

◆

பூவுக்கு உள்ளே மெல்லிய தங்கக் கோடு ஒன்றைச் சட்டமாகப் போடச் சொன்னார்கள். எங்கே போடுவது என்பதில் பிழைப்பே இருக்கிறது. அச்சகத்தில் காகிதக் கட்டை வெட்டும் இயந்திரம் ஒரு மில்லிமீட்டர் நகர்வது சகஜம். கோடு விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டரில் இருந்தால், ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 ஆகிவிடும். ஒன்று மற்றதற்கு இரண்டு மடங்கு. பார்க்கிற யாரும் 'கோணலா வெட்டிட்டான்' என்பார்கள். அதே கோட்டை 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் 9, 11. யாருக்கும் தெரியாது.

பூக்களுக்கு இதற்கு நேர்மாறு. அவை விளிம்பைத் தாண்டி ஓட வேண்டும். 5 அங்குலத்துக்கு 7 அங்குலக் கார்டுக்கு 300 டிபிஐ-யில் 1500 × 2100 பிக்சல் என்று எல்லோரும் சொல்வார்கள். நான்கு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் விட்டால் அது சுமார் 1571 × 2171 ஆகிறது. அந்த 71 பிக்சலை மறந்தால், வெட்டியபின் பூவுக்கும் விளிம்புக்கும் நடுவே வெள்ளை நூல் ஒன்று எட்டிப் பார்க்கும்.

அந்தத் தங்கக் கோடு? திரையில் மின்னும். நான்கு நிற அச்சில் கடுகு நிறமாகத்தான் வரும். நிஜமாகவே மின்ன வேண்டுமென்றால் ஃபாயில் வைத்துச் சூட்டில் அழுத்த வேண்டும், அது தனிச் செலவு. புடவைச் சரிகைக்கு மட்டும் ஒரு தந்திரம் உண்டு. அடர் பழுப்புப் பட்டைக்கு ஒட்டினாற்போல மிக வெளிர் மஞ்சளில் மெல்லிய கீற்று ஒன்று. கண் அதைப் பளபளப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

◆

எழுத்துக்கு விட்ட இடத்தில்தான் பெரும்பாலான கார்டுகள் தோற்கின்றன. சேவ் த டேட் என்பது ஆங்கிலத்தில் மூன்று குட்டிச் சொற்கள். 'நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினால் கார்டின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு வந்துவிடும். 'நாள் குறிச்சாச்சு' என்று வைத்தோம். ஜோசியர் நாள் குறித்ததும் ஆயிற்று, உறவினர் காலண்டரில் குறிக்க வேண்டியதும் ஆயிற்று. படத்தை வரைந்துவிட்டு மிச்ச இடத்தில் எழுத்தைத் திணிப்பதற்குப் பதிலாக, நிஜ வாசகத்தை முதலில் அடித்து வைத்துக்கொண்டு மிச்ச இடத்தில் ஜோடியை நிறுத்துவது என் வழக்கம். 7 அங்குல உயரத்தில் இரண்டரை அங்குலம் எழுத்துக்குப் போனது.

என்ன எழுதுவது? நம் ஊர்க் கல்யாணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வரவேற்பு பெரும்பாலும் முந்தின நாள் மாலையிலேயே நடந்துவிடும். பல வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு கார்டில் முகூர்த்த நாளை மட்டும் போட்டுவிட்டேன். அதை நம்பி டிக்கெட் எடுத்த வெளிநாட்டு உறவினர் குடும்பம் ஒன்று அன்று மதியம் மண்டபத்தில் பெட்டியோடு வந்து இறங்கியது. சமையல்காரர்கள் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதிகாலை முகூர்த்தம், எட்டரைக்கெல்லாம் டிபன் பந்தியும் முடிந்திருந்தது. அன்றிலிருந்து எந்தக் கார்டிலும் இரண்டு வரி கட்டாயம்:

வரவேற்பு: பிப்ரவரி 10, புதன் மாலை
முகூர்த்தம்: பிப்ரவரி 11, வியாழன் அதிகாலை

மாதத்தை எழுத்தில்தான் போட வேண்டும். 10/02 என்று போட்டால் அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அது அக்டோபர் இரண்டு. கிழமையையும் எழுதி, காலண்டரில் விரல் வைத்து ஒரு முறை சரிபாருங்கள். தேதியில் நேரும் கைப்பிழையைக் காட்டிக்கொடுப்பது கிழமைதான்.

◆

jpUkzk; என்றால் என்ன, தெரியுமா? 'திருமணம்'தான். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் வேஷத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பழைய கார்டு கோப்புகளைத் திறக்கும்போது இந்த வேஷம் கலைந்து வெளியே வரும். யூனிகோடில் அடித்தால் இது நேராது.

யூனிகோடிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. போட்டோஷாப்பின் சில பதிப்புகளில், Type அமைப்புகளில் World-Ready Layout தேர்வாகாமல் இருந்தால் 'கொ'வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், இல்லையென்றால் புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும். பெண் பெயரில் கொம்பு இல்லாததால் இது நம் கண்ணில் படாது, மாப்பிள்ளை ஊர் 'பொள்ளாச்சி' என்று வரும்போது படும். ஆங்கில கார்டுகளில் எழுத்துகளை எட்ட எட்ட வைக்கும் நாகரிகத்தையும் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். துணைக்கால் தன் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும். வரி இடைவெளி மட்டும் தாராளமாக வேண்டும். 11 பாயின்ட் எழுத்துக்கு 17 பாயின்ட் வைத்தேன், இல்லாவிட்டால் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'கி'யை இடிக்கும்.

◆

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிவப்பு எழுத்துதான் முதலில் கெடும். படத்தைச் சுருக்கும்போது ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று குறைத்துவிடுவது ஜேபெக் கோப்புகளில் பொதுவான வழி. நம் கண் வெளிச்ச மாற்றத்தை நுணுக்கமாகப் பார்க்கும், நிற மாற்றத்தை அவ்வளவாகப் பார்க்காது என்பதால் முகங்களுக்கு இது ஒன்றும் செய்யாது. குங்குமச் சிவப்பில் மெல்லிசாக எழுதிய பெயரின் ஓரங்களில் மட்டும் அழுக்குப் படிந்த மாதிரி கசியும். நாலு பேர் ஃபார்வர்டு செய்து, அதை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் அனுப்பினால் சுத்தமாகப் போயிற்று. கறுப்புக்கு நெருங்கிய அடர் மெரூன் தாக்குப்பிடிக்கும். 2023-ல் வந்த HD பொத்தானை அழுத்தி அனுப்பலாம். கோப்பு அப்படியே போக வேண்டுமென்றால் Document ஆக அனுப்புவதே வழி.

◆

கார்டின் கடைசி வரியாக 'அழைப்பிதழ் பின்னர் நேரில்' என்று சின்னதாகப் போட்டோம். தம்பிக்கு அது அநாவசியமாகப் பட்டது, இடத்தை அடைக்கிறது என்றான். பெண்ணின் அப்பா இருக்கட்டும் என்றுவிட்டார். குடும்பக் குழுவில் கார்டு போன பத்தாவது நிமிடம் பெரிய மாமா பதில் போட்டிருந்தார். மாப்பிள்ளையின் மூக்கு, மல்லிகை மொட்டு, சரிகைப் பளபளப்பு எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. "படம் வந்துச்சு. மஞ்சள் தடவி, பத்திரிகை வைக்க எப்ப வர்றீங்க?"